இருபத்தைந்து சொல்லில் ஓர் ஆசிரியர் தேவை

என்னுடைய இடத்துக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை நான்தான் எழுதினேன். இருபத்தைந்து சொல்லுக்குள் எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளுக்கு எத்தனையோ விளம்பரம் எழுதிக் காட்டியிருக்கிறேன். உண்மையில் அச்சில் வந்தவை இரண்டுதான். அந்த இரண்டாலும் நடந்ததை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கும்.

படகு மட்டும் போய்வருகிற ஒரு சின்னத் தீவில் ஏழு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். எங்கள் வீடு சரவணையில். திங்கள் விடிய பஸ் பிடித்து ஊர்காவற்றுறைக்குப் போய் அங்கிருந்து படகு ஏறுவேன். வெள்ளி பின்னேரம் வரை ஆசிரியர் விடுதியில் இருப்பேன். விடுதி என்றால் இரண்டு அறை, ஒரு குசினி, உப்புத் தண்ணீர்க் கிணறு. எனக்கு அது பழகிவிட்டது. ஏழாவது வருடம் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. திங்கள் முதல் வெள்ளி வரை அவரைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு வர இனி ஏலாது என்று தெரிந்ததும் இடமாற்றம் கேட்டேன். அடுத்த பள்ளித் தவணையிலிருந்து வேலணைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குக் கிடைத்தது. எனக்குப் பதிலாக ஆள் எப்போது வரும் என்று அதிபர் வலயக் கல்விப் பணிமனையில் கேட்டார். பட்டியலில் இருக்கிறது, பார்ப்போம் என்றார்களாம்.

"பட்டியல் வந்து சேர இந்தப் பிள்ளையள் பரீட்சை எழுதி முடிஞ்சிடும்" என்றார் அதிபர். அவர் ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்த மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கனடாவில இருக்கிற எங்கட பழைய மாணவர் ஒருத்தர் தொண்டர் ஆசிரியருக்கு மாசாமாசம் கொடுப்பனவு தாறன் எண்டு சொல்லுறார். பேப்பரில விளம்பரம் போடுவம். தமிழ்ப் பேப்பரில இல்லை. இங்கிலீஷ் பேப்பரில. இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிற ஆளுக்குத்தானே இங்கிலீஷ் தெரியும்?"

எனக்கும் அது சரியாகப்பட்டது. விளம்பரச் செலவையும் அந்தக் கனடாக்காரரே பொறுத்தார். சிறு விளம்பரம் ஒன்றோடு, பெட்டி கட்டிய சின்ன வியாபார விளம்பரம் ஒன்றும் சேர்த்துப் போட்டால் அந்த மாதம் சலுகை என்று யாழ்ப்பாணத்தில் விளம்பரம் எடுக்கிற கடைக்காரர் சொன்னார். சிறு விளம்பரத்துக்கு இருபத்தைந்து சொல். பெட்டி விளம்பரத்துக்கு, முழக்கவரியும் சேர்த்து, நாற்பது சொல். தொலைபேசி இலக்கம் ஒரு சொல்லாகக் கணக்கு. மேலே போகிற ஒவ்வொரு சொல்லுக்கும் வேறாகக் கட்டவேண்டும்.

அந்தத் தவணை வலயம் தயாரிக்கிற ஆங்கில வினாத்தாளிலும் இதே இரண்டு வகை விளம்பரமும் கேள்வியாக வரும் என்று எங்களுக்கு அறிவித்திருந்தார்கள். பேப்பருக்கு எழுதுவதும் பரீட்சைக்குப் படிப்பிப்பதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிந்தது. அதில்தான் பிழை தொடங்கியது.

பதினோராம் வகுப்பில் ஐந்து பேர். மூன்று பெண், இரண்டு ஆண். அந்தத் தீவுக்கு ஆங்கிலப் பத்திரிகை வருவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு போய் மேசையில் விரித்தேன். சிறு விளம்பரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் சிரித்தார்கள். எறும்பு ஊருகிற மாதிரி எழுத்து.

"ரீச்சர், இதில வசனமே இல்லையே" என்றாள் முன் வாங்கில் இருந்த பிள்ளை. வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் கருவாடு போடுகிறவர்.

"வசனம் தேவையில்லை. 'ஏ', 'த', 'இஸ்' எல்லாத்தையும் எறிஞ்சுபோடலாம். முதலில என்ன வேணும் எண்டு சொல்ல வேணும். 'வான்டட்', 'ஃபோர் சேல்', 'டு லெட்'. பிறகு அதின்ர விபரம். கடைசியில ஆரோட கதைக்கிறது எண்டு. சொல்லை எண்ணி அடியில போட்டுவிடுங்கோ. கூடினால் பரீட்சையில புள்ளி வெட்டுவினம்."

முதல் நாள் சைக்கிள் விற்பனைக்கு எழுதினார்கள். அடுத்த நாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: உங்கள் பாடசாலைக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் தேவை. இருபத்தைந்து சொல்லுக்கு மேற்படாமல் விளம்பரம் எழுதுக.

சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒருவரும் பேனையைத் தொடவில்லை.

"ஏன் ரீச்சர்?" என்றாள் அந்தப் பிள்ளை. "நீங்கள் போறியளோ?"

நான் அவர்களுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அதுதான் தருணம். "கேள்வியைச் செய்யுங்கோ, நேரம் போகுது" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். மற்றவர்களும் எழுதினார்கள். எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அன்றிரவு விடுதியில் இருந்து ஐந்து கொப்பியையும் திருத்தினேன். ஒரு பெடியன், பகிடி விட்டுச் சிரிப்பு மூட்டுகிறவன், முப்பத்தொரு சொல் எழுதியிருந்தான். நல்ல ஆசிரியர் தேவை, அடிக்கக் கூடாது, படகு காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று, காற்று பலத்தால் படகு ஓடாது என்று எல்லாம் இருந்தது. காற்றையும் படகையும் சிவப்பால் வெட்டினேன். மறுநாள் அவன் கேட்டான்.

"உண்மைதானே ரீச்சர்?"

"உண்மைதான். ஆனா விளம்பரத்தில வாறவரைப் பயப்படுத்திற விசயம் போடுறேல்லை. அதுக்குப் புள்ளியும் இல்லை."

முன் வாங்குப் பிள்ளையின் விடை சரியாக இருபத்தைந்து சொல். ஒரு இலக்கணப் பிழை இல்லை. கிட்டத்தட்ட அதையே கொஞ்சம் சுருக்கி எடுத்து, கொடுப்பனவையும் இலவச விடுதியையும் தகைமையையும் அதிபரின் இலக்கத்தையும் சேர்த்தேன். இருபத்தெட்டு வந்தது. 'யாழ்ப்பாணத் தீவொன்றில், படகில் போய்ச் சேரவேண்டியது' என்ற இடத்தில் படகைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். சரியாக இருபத்தைந்து. அதிபரிடம் கேட்டிருந்தால் மூன்று சொல்லுக்கும் தன் கையால் கட்டியிருப்பார். நான் கேட்கவே இல்லை. வெட்டிவிட்டு நிம்மதியாகக் கொப்பியை மூடினேன். பரீட்சைத் தாளைத் திருத்திப் பழகிய கை அது.

இரண்டாவது விளம்பரத்தை என்ன செய்வது என்று அதிபர் யோசித்துவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர தாய் போடுற கருவாட்டுக்குப் போடுவமே" என்றார். "சும்மா விடுறதிலும் பாக்க ஒரு குடும்பத்துக்கு உதவும். பிள்ளையே எழுதட்டும். அதுவும் படிப்புத்தானே."

அந்த யோசனை என்னையும் பிடித்துக்கொண்டது. வகுப்பில் அதையே பாடமாக்கினேன். பொருளின் பெயர் மேலே பெரிதாக. அதன் கீழே முழக்கவரி, நாலைந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது, கேட்டதும் மனதில் நிற்க வேண்டும். பிறகு மற்றக் கடைப் பொருளில் இல்லாத நல்ல குணம் இரண்டு மூன்று. என்ன நிறையில் கிடைக்கும், எங்கே கேட்பது. சுற்றிவரப் பெட்டி. முழக்கவரிக்கு அரைமணி நேரம் ஐந்து பேரும் கத்தினார்கள். பகிடிக்காரன் சொன்னவை எழுதக்கூடியவை அல்ல. கடைசியில் அவள்தான் கையை உயர்த்தாமலே மெல்லமாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் நாலே சொல். 'எங்கள் வெயில், உங்கள் கறி.'

ஏழு வருடத்தில் அந்தத் தீவில் ஒரு பிள்ளை சொந்தமாகச் சொன்ன மிக நல்ல ஆங்கிலம் அது. எனக்குக் கண் கலங்கியது. திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தேன்.

நல்ல குணங்களுக்கு அவள் எழுதியவை: புதிய மீன், உப்புக் குறைவு, வெயிலில் மட்டும் காய்ந்தது. முப்பத்தேழு சொல் வந்தது. "இன்னும் இடம் இருக்கு" என்றேன். "'ஹைஜீனிக்' எண்டு ஒரு சொல் போடும். சாப்பாட்டுச் சாமானுக்கு அது கட்டாயம். புள்ளி போடுறவை தேடுற சொல்."

"அப்பிடியெண்டால் என்ன ரீச்சர்?"

"சுத்தமா, சுகாதாரமாச் செய்தது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா மணலுக்கு மேல வலையை விரிச்சுத்தான் காயவிடுறவ. காகம் வரும். நான்தான் கலைக்கிறனான்."

"உங்கட அம்மா சுத்தமாத்தானே செய்யிறவ?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப போடும்."

போட்டாள்.

விளம்பரம் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தன. திங்கள் நான் பத்திரிகையைக் கொண்டுபோனதும் ஐந்து தலையும் ஒன்றாகக் குனிந்தன. எங்கள் பாடசாலையின் விளம்பரம் ஒரு பழைய வாகனத்துக்கும் ஒரு சமையல்காரர் தேவைக்கும் நடுவில் இருந்தது. கருவாட்டுப் பெட்டி அடுத்த பக்கத்தில், கீழ் மூலையில். அந்தப் பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது. அந்தப் பக்கத்தை அவளுக்கே கொடுத்தேன். தாய் அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினா என்று பிறகு சொன்னாள்.

ஆசிரியர் கேட்டு அந்தக் கிழமை ஏழு நாளும் ஒரு அழைப்பும் வரவில்லை. அதிபர் தொலைபேசியைச் சட்டைப் பையில் போடாமல் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தார். கருவாட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் பாடசாலை விட்ட பிறகு அந்தப் பிள்ளை விடுதிக்கு ஓடிவந்தாள். கொழும்பில் பெரிய கடை நடத்துகிற ஒருவர் தொலைபேசியில் எடுத்தாராம். சிங்களவர். ஆங்கிலத்தில் கதைத்தாராம்.

"நான் கதைச்சனான் ரீச்சர்! முழுக்க இங்கிலீஷில கதைச்சனான். கிழமைக்கு இருபது கிலோ கேக்கிறார். நாளைக்குப் பின்னேரம் திரும்ப எடுப்பார். நீங்கள் பக்கத்தில வந்து இருங்கோ."

மறுநாள் அவர்களுடைய வீட்டு முற்றத்தில் இருந்தேன். தாய் கதிரை கொண்டுவந்து தந்துவிட்டு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றா. அவவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் தெரியாது. தொலைபேசி அடித்தது. பிள்ளை ஒலிபெருக்கியில் போட்டாள். அந்த மனிதர் மரியாதையாகத்தான் கதைத்தார். முழக்கவரியைப் பாராட்டினார், யார் எழுதியது என்று கேட்டார். தான் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு கேட்டார், விளம்பரத்தில் ஹைஜீனிக் என்று போட்டிருக்கிறீர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த கடிதம் இருக்கிறதா? பொதி செய்த திகதி, காலாவதித் திகதி அடித்த லேபல் இருக்கிறதா? அவை இல்லாமல் தன் கடையில் வைக்க முடியாது என்றார்.

அவளுக்கு எல்லாச் சொல்லும் விளங்கவில்லை. விளங்கிய அளவே போதுமாக இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியை வாங்கி, இப்போது இல்லை, எடுத்துத் தரலாம் என்றேன். எவ்வளவு நாள் செல்லும் என்றார். எனக்குத் தெரியவில்லை. கிடைத்ததும் அழையுங்கள் என்று வைத்துவிட்டார்.

தாய் கேட்டா: "என்னவாம் ரீச்சர்?"

"சுத்தம் எண்டதுக்குக் கடுதாசி கேக்கிறார் அக்கா."

"நான் ஊத்தையாவே செய்யிறனான்?" என்றா. கோபமில்லை. கேட்டதுதான். நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்துக்கு ஊர்காவற்றுறைக்குப் போனோம். நானும் தாயும். பரிசோதகர் நல்ல மனிதர். தரையில் இருந்து உயர்த்திய தட்டு வேண்டும், மேலே வலை மூடல் வேண்டும், சீமெந்து நிலத்தில் கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும் என்று எழுதித் தந்தார். அவர் கேட்டது ஒன்றும் அநியாயமில்லை. நல்ல தண்ணீர் அந்தத் தீவில் குடிக்கவே அளந்துதான் வரும். திரும்பி வருகிற படகில் அவ அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வழி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தா. "பேப்பரில போடாமல் இருந்திருந்தால் எனக்கு இது ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்று மட்டும் ஒருமுறை சொன்னா.

தவணை முடிய இரண்டு கிழமை இருக்க ஆசிரியர் விளம்பரத்துக்கு ஒரேயொரு அழைப்பு வந்தது. வவுனியாப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது. உயர்தரத்தில் ஆங்கிலம் படித்தவள். கொடுப்பனவு போதும், விடுதி இருக்கிறபடியால் வருகிறேன் என்றாள். ஊர்காவற்றுறைக்கு வந்து கேட்டால் வழி காட்டுவார்கள் என்று மட்டும் அதிபர் சொன்னார். அதிபர் அன்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னார். பிள்ளைகள் விடுதியைக் கூட்டிக் கழுவினார்கள். பகிடிக்காரன் எங்கிருந்தோ புதுக் கயிறு கொண்டுவந்து கிணற்று வாளிக்குக் கட்டினான்.

சோளகக் காற்று பலத்திருந்த நாள் அது. அவளும் தகப்பனும் காலைப் படகில் வந்து இறங்கினார்கள். அவள் இறங்குதுறையில் கால் வைத்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். உடுப்பு முழுக்க நனைந்திருந்தது. படகில் குமட்டிச் சத்தி எடுத்திருந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். தகப்பன் அதிபரிடம் வந்தார்.

"தீவு எண்டுதான் பேப்பரில கிடந்தது. வேலணை, காரைநகர் மாதிரி பஸ் போகும் எண்டு நினைச்சம். படகு எண்டு ஒரு சொல் போட்டிருந்தால் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டம்."

அதிபர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பிழை எங்களிலதான்" என்றார். நான் வெட்டியது என்று அவருக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுத்ததில் அடித்த கோடு அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அவளை விடுதிக்குக் கூட்டிப்போனேன். படுத்திருந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் யன்னலால் பார்த்தாள். ஐந்து பேரும் மரத்தின் கீழ் வரிசையாக நின்றார்கள், சீருடை கசங்காமல். "இவையளோ பதினோராம் வகுப்பு?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் அழுதாள். "எனக்கு விருப்பம் அக்கா. ஆனா இந்தக் கடலை என்னால திரும்பத் திரும்பக் கடக்க ஏலாது." பின்னேரப் படகில் போய்விட்டார்கள். போகும்போது அந்தப் பிள்ளை ஓடிவந்து அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமை தவணைப் பரீட்சை. அறிவித்தபடியே இரண்டு விளம்பரக் கேள்வியும் வந்தன. அந்தப் பிள்ளை சிறு விளம்பரத்துக்கு முழுப் புள்ளி எடுத்தாள். பொருள் விளம்பரத்தில் பொருளின் பெயரை எழுதி, பெட்டி கட்டி, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பூச்சியம் போட வேண்டியிருந்தது. போட்டேன்.

கடைசி வெள்ளி நான் அவர்களுக்குச் சொன்னேன், போகிறேன் என்று. அவர்களுக்கு முன்பே தெரிந்த விசயம். கணவரின் பாரிசவாதத்தைப் பற்றிச் சொன்னேன். பகிடிக்காரன் பகிடி விடவில்லை. "பரவாயில்லை ரீச்சர்" என்றான். ஒரு பெரிய மனிதர் சொல்லுகிற மாதிரிச் சொன்னான். அது எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

வேலணையில் எனக்கு முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். பின்னேரம் கணவரைக் கையைப் பிடித்து நடத்தலாம். அந்தத் தீவில் ஆங்கிலப் பாடவேளைக்குக் கணித ஆசிரியர் போய் இருந்து கவனித்துக்கொண்டாராம். வருட முடிவில் வந்த சாதாரண தரப் பரீட்சையில் ஐந்து பேரில் ஆங்கிலத்தில் சித்தியடைந்தது ஒருவர்தான். அது அந்தப் பிள்ளை அல்ல. அவள் ஆங்கிலப் பரீட்சை நாளில் வரவில்லை. தாய்க்குக் காய்ச்சல் என்று சொன்னார்களாம்.

அதிபர் ஓய்வு பெறும் முன் ஒருநாள் அழைத்தார். யாரையாவது தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றேன். திரும்பவும் விளம்பரம் போட்டால் என்ன, இந்தமுறை படகைப் பற்றியும் போட்டு, எத்தனை சொல் போனாலும் நான் கட்டுகிறேன் என்றேன்.

"ஆருக்கு ரீச்சர் போடுறது?" என்றார். "பதினோராம் வகுப்பில இப்ப ரெண்டு பேர்தான். கனடாக்காரர் சுவருக்குப் பெயின்ற் அடிக்கக் காசு அனுப்புறாராம். அதை வாங்குவம்."

பிறகு என் கணவரின் சுகத்தை விசாரித்தார். இப்போது தடி பிடித்து நடக்கிறார் என்றேன். நல்லது ரீச்சர், நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார்.